அரியரை எந்த இடத்தில் எழுதுவது?

வாசகர் கேள்வி

அம்மா, வணக்கம். எனக்குச் சோமனூர் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். நான் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஓர் ஐயா ஒரு அறக்கட்டளை வழியாக என் படிப்புக்கு உதவுகிறார். கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். பஸ், புத்தகச் செலவுக்கு 15,000 ரூபாய் என் கணக்கில் வரும். ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு நன்றியும் படிப்பின் நிலவரமும் எழுத வேண்டும். இந்த முறை மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. செலவுப் பணத்தில் 5,000 ரூபாயை, தறியில் அடிபட்ட அப்பாவின் கை ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டேன். அது ஆட்டோகேட் வகுப்புக்கென்று வைத்திருந்த பணம். "சி.ஜி.பி.ஏ. நன்றாகத்தானே இருக்கிறது, அதை மட்டும் எழுது, நன்றி சொல்லி முடி" என்கிறார்கள் சீனியர் அக்காக்கள். என்ன எழுதட்டும்?

பதில்

அம்மிணி, அப்பாவின் கை இப்போது எப்படி இருக்கிறது? தறிக்குத் திரும்பிவிட்டாரா? அதை நீங்கள் எழுதவில்லை. ஐயாவுக்கு எழுதும் கடிதத்தில் மறக்காமல் எழுதிவிடுங்கள். படித்து முடித்ததும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் கடிதங்களைப் படித்து, புரவலர்களுக்கு அனுப்பிவைப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. ஈரோடு, நாமக்கல், கரூர், கோவை என்று நான்கு பக்கமிருந்தும் கடிதங்கள் வரும். உங்கள் சீனியர்கள் சொல்லிக்கொடுத்த வழி எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. அதில் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்கு, தேறாத பாடம் ஒரு செமஸ்டரின் சராசரியான ஜி.பி.ஏ. கணக்கிலும் சேராது, எல்லா செமஸ்டரின் சராசரியான சி.ஜி.பி.ஏ. கணக்கிலும் சேராது. தேறிய பாடங்களின் கிரெடிட்டையும் கிரேடு புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, தேறிய கிரெடிட்டால் மட்டுமே வகுப்பார்கள். உங்கள் செமஸ்டரில் மொத்தம் 25 கிரெடிட், அதில் கணிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். மற்ற 21 கிரெடிட்டில் 157 புள்ளி எடுத்திருந்தால் ஜி.பி.ஏ. 7.48 என்று வரும். கணிதத்தைச் சுழியமாகச் சேர்த்து 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.28தான். அதாவது அரியர் விழுந்த செமஸ்டரில்கூட அந்த எண் பார்க்க அழகாகவே நிற்கும். சில பிள்ளைகளுக்கு முந்தைய செமஸ்டரைவிடக் கூடியும் இருக்கும், ஏனென்றால் அவர்களை இழுத்த பாடமே கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது.

ஆகவே "சி.ஜி.பி.ஏ. இவ்வளவு" என்று மட்டும் எழுதினால், எழுதிய எழுத்தில் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர் அதிலிருந்து புரிந்துகொள்வது பொய். ரிக் வண்டி ஐயாவுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அவர் வீட்டிலோ அவர் ஆபீஸிலோ இன்ஜினீயரிங் படித்த ஒருவர் கட்டாயம் இருப்பார், கடிதம் அவர் கைக்கும் போகும். "அரியர் இருக்கிறதா என்று எழுதவில்லையே" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும். அதுவும் தப்பினால், அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு அறக்கட்டளை முழு மதிப்பெண் பட்டியலைக் கேட்கும். அதில் அந்தப் பாடத்துக்கு எதிரே, தேறவில்லை என்பதைக் காட்டும் 'யு' நிற்கும்.

தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் செய்தான். ரிசல்ட் பக்கத்தைப் பாடங்கள் தெரியாதபடி வெட்டி, சி.ஜி.பி.ஏ. வரியை மட்டும் நகலெடுத்து வைத்திருந்தான். முழுப் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது இரண்டு அரியர். அவனுடைய புரவலர் அரியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நகலை மேசையில் வைத்து, "இதை எதற்கு வெட்டினான்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவனுக்குப் பணம் நின்றுபோனது. அந்த இரண்டு பாடத்தையும் அடுத்த தேர்விலேயே எழுதித் தேறிவிட்டான் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

சரி, இனி எப்படி எழுதுவது என்று பார்ப்போம். "தவிர்க்க முடியாத காரணங்களால் ஒரு பாடத்தில் சற்றுப் பின்தங்கிவிட்டேன், அடுத்த முறை கடுமையாக உழைப்பேன்" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அதில் எந்தப் பாடம், எவ்வளவு குறைந்தது, எதனால், இனி என்ன என்று எதுவுமே இல்லை. அந்த நான்கும் இருந்தால்தான் அது நிலவரம். அதை எழுதுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ரிசல்ட் வந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலை வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். நகல் வாங்கியிருந்தால் அதை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். வாங்கவில்லை, தேதி போய்விட்டது என்றால் வினாத்தாளை வைத்துக்கொண்டு எதை எழுதினோம், எதை விட்டோம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் கணிதத் தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து 16 மதிப்பெண் கேள்விகள். பெரிய கேள்விகள் பாடப்பகுதிக்கு ஒன்று. எழுத்துத் தேர்வில் மட்டும் நூற்றுக்குக் குறைந்தது 45 வேண்டும், இன்டர்னலையும் சேர்த்த மொத்தத்தில் 50 வேண்டும். இன்டர்னல் நன்றாக இருந்து, எழுத்துத் தேர்வில் 41 எடுத்துத் தோற்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்கு இவ்வளவு தோண்டச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாடத்தில் ஃபூரியர் தொடர் இரண்டாவது பாடப்பகுதி. அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவது பகுதியில் வரும் கம்பி அதிர்வு, வெப்பம் பரவுதல் கணக்குகளைத் தொடவே முடியாது. அப்பாவுக்கு அடிபட்ட நாட்களில் வகுப்பில் இரண்டாவது பகுதி நடந்திருந்தால், தேர்வில் இரண்டு பெரிய கேள்விகள், 32 மதிப்பெண், ஒன்றாகப் போயிருக்கும். அப்படியென்றால் உங்கள் தோல்விக்கு ஒரு வடிவம் இருக்கிறது, சரிசெய்ய ஓர் இடமும் இருக்கிறது. ஐந்து பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் அது வேறு கதை, அதற்கு வேறு திட்டம் வேண்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் கடினமான ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு அடிபடுவதற்கு முன் நடந்த முதல் இன்டர்னலில் கணிதத்தில் எவ்வளவு? அதிலேயே குறைவு என்றால், அடிபட்டது முழுக் காரணம் ஆகாது. இரண்டையும் எழுதுங்கள். "முதல் இன்டர்னலிலேயே எனக்குக் கணிதம் தடுமாறியது, அதற்குப் பிறகு மூன்று வாரம் வகுப்பும் போய்விட்டது" என்ற வரியைப் படிக்கிறவர், இந்தப் பெண் தன்னை ஒளிக்காமல் பார்த்திருக்கிறாள் என்று அறிந்துகொள்வார். வீட்டுத் துயரத்தின் மேல் எல்லாவற்றையும் ஏற்றிவைத்த கடிதங்களைப் புரவலர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். இரக்கப்படுவார்கள், ஆனால் அடுத்த செமஸ்டரைப் பற்றி அவர்களுக்கு எந்த நம்பிக்கையும் வராது.

இந்த அரியரால் எதை இழந்தீர்கள், எதை இழக்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டிஸ்டிங்ஷன் வாங்க எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும், ஆகவே அது போய்விட்டது. முதல் வகுப்புக்கு அந்தத் தடை இல்லை. உரிய காலத்துக்குள் எல்லாம் தேறி, சி.ஜி.பி.ஏ. 6.50-க்குக் குறையாமல் இருந்தால் போதும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பலவும் கையில் நிற்கும் அரியர் இருந்தால் உட்கார விடுவதில்லை. அதனால் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இதைத் தேறியாக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியட்டும்.

அடுத்தது பணம். என்னைக் கேட்டால் அரியரைவிட இதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. அப்பாவின் கைக்குக் கொடுத்ததில் தவறு காண எந்தப் புரவலரும் துணிய மாட்டார். ஆனால் பணம் ஒரு வேலைக்கென்று வந்து இன்னொரு வேலைக்குப் போயிருக்கிறது. அறக்கட்டளைக்கு அதற்கென்று கணக்கு உண்டு, தணிக்கை உண்டு. ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்பே அறக்கட்டளையில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவரைப் போனில் அழைத்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். உதவித்தொகை கொடுத்தபோது ஓர் அனுமதிக் கடிதம் தந்திருப்பார்கள். அதில் அரியர் இருந்தால் அடுத்த தவணை நிறுத்திவைக்கப்படும் என்று இருக்கிறதா, செலவு மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால், உண்மையைச் சொன்ன பிறகும் ஒரு தவணை நிற்கக்கூடும். அப்படி நடக்காது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நிறுத்திவைத்த தவணை, தேறியதும் பெரும்பாலும் வந்துவிடும். மறைத்ததற்காக நின்றது வருவதில்லை.

கணக்கை எழுதும்போது 15,000-ஐயும் எழுதுங்கள், 5,000-ஐ மட்டும் அல்ல. மீதிப் பத்தாயிரம் எங்கே போனது என்று தெரிந்தால்தான் இந்த ஐந்தாயிரம் அதன் அளவில் தெரியும். "காப்பீட்டு அட்டை இல்லையா?" என்ற கேள்வி வரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செலவு போய், மருந்துக்கும் வண்டிக்கும் கையிலிருந்து கொடுத்தீர்களா, அல்லது அட்டையே இல்லையா, எதுவானாலும் ஒரு வரி. நீங்கள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அதைச் சொன்னால் உதவி குறைந்துவிடுமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஒரே செலவுக்கு இரண்டு பக்கம் வாங்குகிறார்களோ என்ற சந்தேகம் ஒரு புரவலர் மனதில் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது எனக்கே சிரமமாக இருக்கும்.

ஆட்டோகேட் விஷயத்தில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அந்த மென்பொருளை இலவசமாகவே தருகிறது. கல்லூரியில் படிப்பதற்கான சான்றைக் காட்டி ஓராண்டுக்கு வாங்கலாம், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். வீட்டில் கணினி இல்லையென்றால் உங்கள் துறை ஆய்வகத்தில் மாலை நேரம் அனுமதி கேளுங்கள். மூன்றாம் செமஸ்டரிலேயே கணினியில் இயந்திர வரைபடம் போடும் ஆய்வகம் உங்களுக்கு இருந்திருக்கும், ஆகவே அடிப்படை தெரிந்திருக்கும். எனவே "ஐந்தாயிரத்தைத் திருப்பித் தந்துவிடுவேன்" என்று எழுதாதீர்கள். எங்கிருந்து தருவீர்கள்? அந்தப் பணத்தால் கற்க நினைத்ததை வேறு எப்படிக் கற்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதுவது தமிழில் இருக்கட்டும், கையெழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் படித்த பெண்ணாகத் தெரியும் என்று நினைத்து, எங்கிருந்தோ எடுத்த வரிகளை நிரப்புகிறார்கள். ரிக் தொழிலில் இருப்பவர் அவர். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம், எங்கே வெறும் புகை வந்தது என்று தோட்டக்காரரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகியவர். அவருக்கு அதேபோல் எழுதுங்கள். கீழே ஒரு மாதிரி தருகிறேன். எண்களும் காரணங்களும் நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிகளை அப்படியே எடுக்காமல் உங்கள் வாயில் வருகிறபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் இரண்டாம் ஆண்டில் நான்காம் செமஸ்டர் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பட்டதாரி சலுகை போக மீதிக் கட்டணத்தைத் தாங்கள் கட்டியதால், இந்த ஆண்டு கட்டணத்துக்காக எங்கள் வீட்டில் யாரிடமும் வட்டிக்குப் பணம் வாங்கவில்லை. முதலாம் ஆண்டு சேரும்போது அம்மா முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் தீபாவளியோடு கழிந்துவிட்டது. மிக்க நன்றி ஐயா.
>
> மூன்றாம் செமஸ்டரில் கணிதம் தவிர மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். உற்பத்தி முறைகள் பாடத்திலும் ஆய்வகத்திலும் நல்ல கிரேடு. கணிதத்தில் தேறவில்லை. எழுத்துத் தேர்வில் 45 வேண்டும், 41 எடுத்தேன். ஜி.பி.ஏ. 7.48 என்று இருக்கிறது. ஆனால் தேறாத பாடம் அந்தக் கணக்கில் சேராது என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும்.
>
> முதல் இன்டர்னலிலேயே எனக்குக் கணிதம் தடுமாறியது. ஆசிரியரிடம் போய்க் கேட்கத் தயங்கினேன். ஐப்பசியில் அப்பாவுக்குத் தறியில் கையில் அடிபட்டது. அம்மா வேலையை விட முடியாததால் மூன்று வாரம் நான் மருத்துவமனையில் இருந்தேன். அந்த வாரங்களில் நடந்த பாடப்பகுதியையும், அதைச் சார்ந்து வரும் அடுத்த பகுதியையும் தேர்வில் எழுத முடியவில்லை. விடைத்தாள் நகலை வாங்கி ஆசிரியரிடம் காட்டினேன். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூட வாய்ப்பில்லை என்றார். ஏப்ரல், மே தேர்வில் மீண்டும் எழுதுகிறேன். புதன், வெள்ளி மாலைகளில் அந்த இரண்டு பகுதிகளையும் ஆசிரியர் சொல்லித் தருகிறார். இப்போது அவற்றில் முதலாவது முடிந்திருக்கிறது.
>
> தாங்கள் செலவுக்குத் தந்த 15,000 ரூபாயில் புத்தகங்களுக்கு 2,350, வரைபடக் கருவிகளுக்கும் ஆய்வகக் குறிப்பேடுகளுக்கும் 1,400, தேர்வுக் கட்டணம் 1,950, டவுன் பஸ் இல்லாத நேரத்தில் போன தனியார் பஸ்ஸுக்கு 3,300 ஆனது. 5,000 ரூபாயை அப்பாவின் மருந்துக்குக் கொடுத்தேன். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் நடந்தது, வெளியில் வாங்கிய மருந்துக்கும் வண்டிக்கும் கையில் பணம் இல்லை. தங்களிடமோ அறக்கட்டளையிலோ முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எடுத்தேன், மன்னிக்கவும். கையில் 1,000 ரூபாய் இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அது வீட்டுச் செலவுக்குப் போகிறது.
>
> அந்த 5,000 ஆட்டோகேட் வகுப்புக்கு வைத்திருந்தது. வகுப்பில் சேரவில்லை. மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கல்லூரி ஆய்வகத்தில் பழகி வருகிறேன். நான் வரைந்த ஒரு வரைபடத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.
>
> அப்பாவுக்கு விரல்கள் மடங்குகின்றன. தை முதல் அரை நாள் தறிக்குப் போகிறார்.
>
> கணிதத் தேர்வு முடிவு வந்ததும், எதுவாக இருந்தாலும், எழுதுகிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

இதில் அரியர் இரண்டாவது பத்தியில் வந்துவிட்டதைப் பாருங்கள். கடைசியில் "மேலும் ஒன்று" என்று ஒட்டவைத்தால், சொல்ல மனமில்லாமல் சொன்னதாகத் தெரியும். முதல் வரியிலேயே வைத்தால் நன்றிக் கடிதம் மன்னிப்புக் கடிதமாகிவிடும். நன்றிப் பத்தியில் "தெய்வம்", "வாழ்நாள் முழுதும் கடன்பட்டவள்" எதுவும் இல்லை. அந்த வார்த்தைகள் வந்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குச் சங்கடம்தான். வட்டிக்கு வாங்கவில்லை, முன்பணம் கழிந்தது என்ற இரண்டு செய்திகள் போதும், தன் பணம் அந்த வீட்டில் என்ன செய்தது என்று அவருக்குக் கண்ணில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது வேறாக இருக்கும், அதைத் தேடி எழுதுங்கள்.

"கட்டாயம் தேறிவிடுவேன்", "அடுத்த முறை 9-க்கு மேல் எடுப்பேன்" என்பதும் இல்லை. எந்தக் கிழமை, எந்த ஆசிரியர், எது முடிந்திருக்கிறது என்பதுதான் இருக்கிறது. புதன், வெள்ளி என்று நீங்கள் எழுதுவதற்கு அப்படி ஒரு ஏற்பாடு உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அதற்கு மேல் தள்ள வேண்டாம். அறக்கட்டளை நினைவூட்டி அனுப்பிய கடிதத்துக்குப் பிறகு வரும் உண்மைக்கு, கேட்டதால் சொன்னாள் என்ற பெயர்தான் கிடைக்கும்.

இந்தக் கடிதத்தில் எதையும் கேட்காதீர்கள். அடுத்த ஆண்டுக்குச் செலவுப் பணம் கூடுதலாகத் தேவைப்பட்டால் அறக்கட்டளைக்குத் தனியாக விண்ணப்பம் எழுதுங்கள். அரியரையும் மருந்துச் செலவையும் சொல்லி, அதே தாளில் பணமும் கேட்டால், முன்னால் சொன்னதெல்லாம் கேட்பதற்காகச் சொன்னது போல் மாறிவிடும். ஐயாவின் வீட்டு முகவரி எப்படியோ கிடைத்திருந்தாலும் நேராக அனுப்ப வேண்டாம். அறக்கட்டளை வழியாகவே போகட்டும், அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு அது. அவராக அழைத்துப் பேசினால் தாராளமாகப் பேசுங்கள். "அப்பா கை எப்படி இருக்கிறது அம்மிணி?" என்றுதான் ஆரம்பிப்பார், நீங்கள் அழுதுவிடாமல் பேச்சைக் கணிதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கடிதத்தோடு மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் பக்கத்தை முழுதாக, எல்லாப் பாடமும் தெரிகிறபடி நகலெடுத்து வையுங்கள். மருந்து ரசீதுகள் இருந்தால் அவற்றின் நகலை அறக்கட்டளைக்குத் தனி உறையில் கொடுங்கள், ஐயாவுக்கு அவை தேவையில்லை. அனுப்புவதற்கு முன் கடிதத்தையும் ஒரு நகலெடுத்து உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எழுத உட்காரும்போது, இந்த ஆண்டு எதையெல்லாம் செய்வதாகச் சொன்னீர்கள் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நடுவில் ஏப்ரல், மே தேர்வின் முடிவு வரும். தேறினாலும் தேறாவிட்டாலும் அந்த வாரத்திலேயே நான்கு வரி எழுதி அறக்கட்டளையில் சேர்த்துவிடுங்கள்.